லேசரின் மீது 632.8, கணக்கில் 641: கீற்றணி அறிக்கையின் கடைசிப் பத்தியில் எதை எழுதுவது?

நெருக்கமாகக் கோடுகள் கீறிய கண்ணாடியில் ஒளியைச் செலுத்தி அதன் அலைநீளத்தை அளப்பது கீற்றணிச் சோதனை. அதன் அறிக்கையில் நோக்கம், கருவிகள், சூத்திரம், அட்டவணை எல்லாவற்றையும் மாணவர்கள் மளமளவென்று எழுதிவிடுகிறார்கள். கடைசிப் பத்திக்கு வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. லேசரின் மீது ஒட்டியிருக்கும் தாளில் ஒரு அலைநீளம் இருக்கிறது, கணக்குப் போட்டதில் வேறொரு அலைநீளம் வந்திருக்கிறது. "சார், ஆன்சர் வரலை. என்ன எழுதட்டும்?" என்று ஒரு மாணவி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "வந்திருக்கிற ஆன்சர் இதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த நோட்டில் இருந்தவற்றை வைத்தே இதைச் சொல்கிறேன். அந்தப் பத்தியை ஐந்து விதமாக எழுதலாம். எது சரி என்பது எழுதுகிறவரின் விருப்பத்தைப் பொறுத்ததில்லை, கையில் இருக்கும் அளவீடுகளைப் பொறுத்தது.

முதலில் அளவீடுகள். ஹீலியம்-நியான் லேசர், தாளில் 632.8 நானோமீட்டர். கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 300 கோடுகள், அதாவது அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையில் d = 3333 நானோமீட்டர். ஒளி கீற்றணியில் நேராக விழுந்து எதிர்ச் சுவரில் புள்ளிகளாகத் தெரிகிறது. நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் அடுத்தடுத்து வருபவை முதல், இரண்டாம், மூன்றாம் வரிசைப் புள்ளிகள். சுவருக்கும் கீற்றணிக்கும் இடையில் டேப் வைத்து அளந்தது 98.5 செ.மீ. இடப்பக்கத்து முதல் வரிசைப் புள்ளிக்கும் வலப்பக்கத்து முதல் வரிசைப் புள்ளிக்கும் இடையில் 38.7 செ.மீ. இரண்டாம் வரிசைக்கு 82.1, மூன்றாம் வரிசைக்கு 138.6. ஒவ்வொன்றிலும் பாதியை எடுத்து 98.5-ஆல் வகுத்தால் tan θ கிடைக்கும். அதிலிருந்து sin θ கண்டு, m வரிசை எண், λ அலைநீளம் என்று d sin θ = mλ என்பதில் போட்டால் முதல் வரிசை 642.5, இரண்டாவது 641.1, மூன்றாவது 639.3 நானோமீட்டர் என்று வருகிறது. சராசரி 641.

எவ்வளவு தூரம் இதை நம்பலாம்? சுவரில் விழும் புள்ளி கூர்மையான புள்ளி இல்லை. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்தில், ஓரம் கலங்கலாக, நடுவில் கண் கூசும் ஒரு சிவப்புத் திட்டு. அதன் நடுவை ஒரு மில்லிமீட்டருக்குள் குறிக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேப்பைத் தொங்கவிடாமல் பிடித்திருந்தால் 98.5 செ.மீ. என்பதில் 3 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கலாம். இவற்றைச் சேர்த்தால் சராசரி அலைநீளத்தில் சுமார் 2 நானோமீட்டர் நிச்சயமின்மை. ஆக அவளுடைய முடிவு 641 ± 2. தாளில் இருப்பதிலிருந்து விலகல் 8.2. நிச்சயமின்மையைப் போல நான்கு மடங்கு.

சரி, இனிப் பத்திகளைப் பார்ப்போம்.

அதிகமாக எழுதப்படுவது இதுதான்: "சோதனை மூலம் லேசரின் அலைநீளம் 641 நானோமீட்டர் எனக் கண்டறியப்பட்டது. இது கொடுக்கப்பட்ட மதிப்புடன் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. சிறிய வேறுபாடு மனிதப் பிழையாலும் கருவிப் பிழையாலும் ஏற்பட்டது." படிக்கும்போது குறை சொல்ல எதுவும் இல்லாததுபோல் இருக்கும். குறையே அதுதான். இதே பத்தியை 600 வந்திருந்தாலும் எழுதலாம், 660 வந்திருந்தாலும் எழுதலாம். ஊசல் சோதனையின் அடியில் ஒட்டினாலும் பொருந்தும். எந்த மனிதர், எதை அளக்கும்போது, எந்தப் பக்கமாக, எவ்வளவு தவறினார் என்ற எதுவும் அதில் இல்லை. அவளுடைய அட்டவணையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. கை நடுங்கியோ கண் தவறியோ வரும் பிழை ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே வரும். இங்கே மூன்று வரிசையும் 632.8-க்கு மேலேதான் நிற்கின்றன. ஏதோ ஒன்று எல்லா அளவீட்டையும் ஒரே பக்கமாகத் தள்ளியிருக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை முறையான பிழை என்று சொல்லும். அதை மனிதப் பிழை என்ற பொதுச்சொல்லால் மூடிவிட்டால், இருக்கும் ஒரே நல்ல துப்பும் போய்விடும்.

இரண்டாவது வகை சற்றுக் கவனமாக எழுதுகிறவர்களுடையது: "சதவீதப் பிழை 1.3. இது 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் முடிவு திருப்திகரமானது." எண் இருக்கிறது, அதனால் இது முதல் வகையைவிட மேல். சதவீதத்தைக் கணக்கிடுவதில் தவறும் இல்லை. அதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பிசகு. 5 சதவீதம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? இந்தச் சோதனையின் ஸ்கேலிலிருந்தோ புள்ளியின் அகலத்திலிருந்தோ அது வரவில்லை. இன்னொரு மாணவன் 30 செ.மீ. தூரத்தில் திரை வைத்து, முதல் வரிசையை மட்டும் அளந்து 650 ± 20 என்று பெறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சதவீதப் பிழை 2.7, அவளுடையதைப் போல இரு மடங்கு. ஆனால் அவனுடைய விலகல் 17, அவன் நிச்சயமின்மை 20. அவனுடைய முடிவு 632.8-ஓடு ஒத்துப்போகிறது, அவளுடையது ஒத்துப்போகவில்லை. அவள் நன்றாக அளந்ததால்தான் ஒரு பிசகு வெளியே தெரிந்திருக்கிறது. சதவீதத்தை மட்டும் எழுதினால் இந்த உறவு தலைகீழாகிவிடும். ஆசிரியர் சதவீதப் பிழை கேட்டால் எழுதுங்கள், தீர்ப்பை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள்.

மூன்றாவது வகை நிச்சயமின்மையை வைத்துப் பேசுவது. அந்த 650 ± 20 மாணவனுக்கு இதுவே போதும்: "அளந்த அலைநீளம் 650 ± 20 நானோமீட்டர். கொடுக்கப்பட்ட 632.8 இந்த எல்லைக்குள் அடங்குகிறது, ஆகவே இரண்டும் ஒத்துப்போகின்றன. நிச்சயமின்மையின் பெரும்பகுதி, குறைந்த திரைத் தூரத்தில் முதல் வரிசையை மட்டும் அளந்ததால் வந்தது. இந்த அளவீடு 632.8 நானோமீட்டர் லேசரையும் 650 நானோமீட்டர் லேசரையும் பிரித்தறியப் போதாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒத்துப்போகிறது என்றால் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை, முரண்படவில்லை என்பதே பொருள். அவன் காரணம் தேட வேண்டிய தேவையும் இல்லை. விலகல் நிச்சயமின்மைக்குள் அடங்கிவிட்ட பிறகு கீற்றணி சாய்ந்திருந்தது, அறையில் வெளிச்சம் இருந்தது என்றெல்லாம் அடுக்குவது வீண்.

அவளுக்கோ இந்த வகையில் பாதிப் பத்திதான் கிடைக்கும்: "641 ± 2, விலகல் நிச்சயமின்மையைப் போல நான்கு மடங்கு, ஆகவே ஒத்துப்போகவில்லை." இதோடு நிறுத்தினாலும் அது நேர்மையான முடிவுதான். முதல் இரண்டு வகையைவிட இதற்கே நான் மதிப்பெண் தருவேன். ஆனால் இங்கே நிறுத்தினால் படிப்பவர் உடனே கேட்பார்: லேசர் தவறா, நீ தவறா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது சிலர் ஐந்தாவது வகைக்குத் தாவிவிடுகிறார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்: "எனவே லேசரின் உண்மையான அலைநீளம் 641 நானோமீட்டர். தாளில் உள்ள மதிப்பு தவறானது." துணிச்சலான பத்தி. ஹீலியம்-நியான் லேசருக்கு இது செல்லாது. 632.8 என்பது தயாரிப்பாளர் அளந்து ஒட்டிய எண் இல்லை, நியான் அணுவின் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான இடைவெளி தீர்மானிக்கும் எண். 1962-இல் இந்தச் சிவப்பு வரியில் முதன்முதலாக லேசர் இயங்கியபோது எந்த அலைநீளமோ, இன்று உங்கள் மேசையில் இருப்பதற்கும் அதே அலைநீளம்தான். குழாய் சூடானாலும், பழையதானாலும், அந்த வரி நகரக்கூடிய இடம் நானோமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு. 8 நானோமீட்டர் நகர வழியே இல்லை. ஆக இந்த லேசரோடு மோதினால் தோற்பது டேப்பும் ஸ்கேலும்தான்.

ஆனால் சாவிக்கொத்தில் தொங்கும் சிவப்பு லேசர் பாயிண்டராக இருந்தால் கதை வேறு. அது டயோடு லேசர். அதன் மீது 650 என்றிருந்தால், அந்த மாடலுக்குப் பொதுவாகச் சொல்லும் எண் அது. ஒரு டயோடுக்கும் இன்னொரு டயோடுக்கும் சில நானோமீட்டர் வித்தியாசம் சாதாரணம். டயோடு சூடாகச் சூடாக அலைநீளமும் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் ஏறும். பல பாயிண்டர்களில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளில் 630–680 என்று ஒரு பரப்பே அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்தாலே புரியும், அங்கே நமக்குத் தரப்பட்டது துல்லியமான மதிப்பு இல்லை என்று. 532 பச்சை பாயிண்டர் பெரும்பாலும் மறுபடி ஹீலியம்-நியான் போலத்தான்: உள்ளே நியோடிமியம் கலந்த படிகம் தரும் 1064-ஐப் பாதியாக்கிக் கிடைப்பது, அந்த எண்ணை நம்பலாம்.

பாயிண்டரைப் பற்றித் திரும்பி வருகிறேன். இப்போது நான்காவது வகை, அந்த மாணவிக்கு உண்மையில் தேவைப்பட்டது: விலகலை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுவது.

காரணம் என்று எதையும் எழுதிவிட முடியாது. மூன்று சோதனைகளில் அது தேற வேண்டும். விலகலின் திசை பொருந்த வேண்டும், அளவு பொருந்த வேண்டும், வரிசைக்கு வரிசை விலகல் மாறும் விதமும் பொருந்த வேண்டும். அவள் முதலில் சொன்ன காரணம் கீற்றணிச் சாய்வு. "இடதுபக்கமும் வலதுபக்கமும் சமமா இல்ல சார்." உண்மைதான். இரண்டாம் வரிசையில் நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம் 41.3, மறுபக்கம் 40.8. கீற்றணி ஒன்றரை டிகிரி போலவோ, சுவர் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவோ சாய்ந்திருந்தால் இப்படி வரும். ஆனால் சாய்வு ஒரு பக்கத்தை நீட்டினால் மறுபக்கத்தைக் குறுக்கும். அவள் புள்ளியிலிருந்து புள்ளிக்கு அளந்து பாதி எடுத்திருக்கிறாள், அதனால் இரண்டும் கழிந்துவிடுகின்றன. கழிந்தது போக மிஞ்சுவது 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அரை நானோமீட்டர்கூட இருக்காது. நமக்கு வேண்டியதோ 8. ஆகச் சாய்வு இருந்தது உண்மை, அதுதான் காரணம் என்பது உண்மையில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டாலே அறிக்கையின் தரம் உயர்ந்துவிடும்.

அப்புறம் கணக்கில் தவறு இருக்குமோ என்று பார்த்தோம். கோணம் சிறியது என்று நினைத்து sin θ-க்குப் பதில் tan θ-வையே போடுகிறவர்கள் நிறைய. இதே அமைப்பில் அப்படிப் போட்டால் முதல் வரிசையிலேயே அலைநீளம் 2 சதவீதம் கூடிவிடும். இரண்டாம் வரிசையில் 8 சதவீதம், மூன்றாவதில் இருபது சதவீதத்துக்கும் மேல். வரிசை ஏற ஏற விலகலும் ஏறும். அவளுடையதில் இறங்குகிறது. ஆகவே இதுவும் இல்லை. இந்தத் தவறு இருந்திருந்தாலும் அதற்கு முடிவுரையில் இடமில்லை. கணக்கைத் திருத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

கீற்றணியின் கோடுகளின் எண்ணிக்கை தவறாக இருந்தால்? அப்போது எல்லா வரிசையும் ஒரே சதவீதம் விலகும். சில கீற்றணிகளில் அங்குலத்துக்கு 15,000 கோடுகள் என்று எழுதியிருக்கும். 25.4-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 590.6. அதை 600 என்று முழுதாக்கிக்கொண்டால் 632.8-க்குப் பதில் ஏறக்குறைய 623 வரும், தெரிகிற எல்லா வரிசையிலும் அதே 623. அவளுடைய அட்டவணை அப்படிச் சீராக விலகவில்லை.

மிஞ்சியது திரைத் தூரம். அது குறைவாக அளக்கப்பட்டிருந்தால் tan θ கூடும், கோணம் கூடும், அலைநீளம் கூடும். திசை பொருந்துகிறது. வரிசைக்கு வரிசை என்ன ஆகும்? தூரத்தில் வரும் சதவீதப் பிழை அலைநீளத்தில் அப்படியே வராது, cos²θ-ஆல் பெருக்கித்தான் வரும். முதல் வரிசைக் கோணம் 11 டிகிரி அருகில், அங்கே cos²θ ஏறக்குறைய 0.96. மூன்றாவதில் கோணம் 35 டிகிரி அருகில், அங்கே 0.67. ஆகத் தூரத்தில் பிழை இருந்தால் உயர்ந்த வரிசைகளில் விலகல் சுருங்கும். 642.5, 641.1, 639.3. சுருங்குகிறது.

இங்கே அவசரப்படக் கூடாது. இந்த இறக்கம் மொத்தம் 3 நானோமீட்டர்தான். முதல் வரிசைப் புள்ளிகளைக் குறித்ததில் மட்டும் இரண்டரை நானோமீட்டர் தள்ளாட்டம் இருக்கலாம். அதனால் இறக்கம் அந்தத் திசையைக் காட்டுகிறது என்று சொல்லலாம், நிரூபிக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த அட்டவணை தாங்கக்கூடியது அவ்வளவுதான்.

அளவு பொருந்துகிறதா? அலைநீளம் 1.3 சதவீதம் மிகுதி. மூன்று வரிசைக்கும் cos²θ-வின் சராசரி ஏறக்குறைய 0.83. ஆகத் தூரம் சுமார் 1.5 சதவீதம் குறைவாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். 98.5-இல் அது 1.5 செ.மீ. டேப்பைப் படித்ததில் இவ்வளவு தவறு வராது. மில்லிமீட்டர் கோடுகளைப் பார்த்துப் படிக்கிறவர் ஒன்றரை சென்டிமீட்டர் தவறமாட்டார். டேப்பை எங்கே வைத்தோம் என்பதில் வரலாம். "டேப்போட முனைய எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். ஸ்டாண்டைத் தொட்டுக் காட்டினாள். சுவரைப் பார்த்த முன்பக்க விளிம்பு. கருப்பு வண்ணம் பூசிய தடித்த சட்டம், நடுவில் ஒரு பிளவு. கீற்றணிக் கண்ணாடி அந்தப் பிளவில் உள்ளே தள்ளி நின்றது. நான் பென்சில் முனையை விட்டுப் பார்த்தேன், அவள் ஸ்கேலால் அளந்தாள். 14 மில்லிமீட்டர்.

தூரத்தை 99.9 செ.மீ. என்று மாற்றிக் கணக்கிட்டால் முதல் வரிசை 633.9, இரண்டாவது 633.5, மூன்றாவது 633.3. சராசரி 633.6 ± 2. மூன்று வரிசையும் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன என்பதைக் கவனியுங்கள். 632.8-ஐ நெருங்கியது இருக்கட்டும், அந்த எண்ணை எதிர்பார்த்துத்தானே ஸ்டாண்டைப் பார்க்கப் போனோம். வரிசைகள் தங்களுக்குள் ஒத்துப்போனதற்கு 632.8 தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதனால் அந்த ஒப்புதலுக்குக் கூடுதல் எடை.

அவள் அடுத்துக் கேட்டதும் நியாயமான கேள்வி: "அப்ப அட்டவணைல 98.5-ஐ அடிச்சிட்டு 99.9-னு எழுதிடட்டுமா சார்?" கூடாது. 98.5 என்பது அன்று டேப் காட்டிய எண், அது அட்டவணையிலேயே இருக்கட்டும். ஸ்டாண்டின் ஆழம் 14 மில்லிமீட்டர் என்பது தனி அளவீடு, அதற்குத் தனி வரி. திருத்திய அலைநீளம் அதற்கு அடுத்த வரி. எதற்குப் பின் எது நடந்தது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். முடிவுரையில் புதிய அளவீடு முதன்முறையாகத் தலைகாட்டக் கூடாது என்பதால், இந்த இரண்டு வரிகளும் கணக்கீட்டுப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும்.

அவள் கடைசியில் எழுதிய பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"முதல் அளவீட்டில் லேசரின் அலைநீளம் 641 ± 2 நானோமீட்டர். இது 632.8 நானோமீட்டரிலிருந்து நிச்சயமின்மையைப் போல நான்கு மடங்கு விலகியிருந்தது, ஆகவே ஒத்துப்போகவில்லை. மூன்று வரிசைகளும் ஒரே திசையில் விலகின. உயர்ந்த வரிசைகளில் விலகல் குறைந்தது. இது திரைத் தூரம் குறைவாக அளக்கப்பட்டதைச் சுட்டியது. இந்த விலகலைக் கண்ட பிறகு தாங்கியைச் சோதித்ததில், கீற்றணி அதன் முன்விளிம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் உள்ளே இருப்பது அளந்து அறியப்பட்டது. திருத்திய அலைநீளம் 633.6 ± 2 நானோமீட்டர். இது கொடுக்கப்பட்ட மதிப்புடன் ஒத்துப்போகிறது. இடவலப் புள்ளிகளில் கண்ட சமச்சீரின்மை, சராசரி எடுத்ததால் முடிவை 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே பாதித்தது."

"விலகலைக் கண்ட பிறகு" என்ற சொற்களை நான்தான் சேர்க்கச் சொன்னேன். முதலிலேயே 632.8 வந்திருந்தால் அந்த ஸ்டாண்டை யாரும் பார்த்திருக்க மாட்டோம். அது படிப்பவருக்குத் தெரிவதே நியாயம்.

ஆய்வகம் மூடியாகிவிட்டது, ஸ்டாண்டைத் திரும்பப் பார்க்க வழியில்லை, அறிக்கை நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான். அப்போது நான்காவது வகையையே, உறுதியைக் குறைத்து எழுதலாம்: "இந்த விலகலை விளக்கத் திரைத் தூரம் 1.5 செ.மீ. குறைவாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். டேப்பைப் படித்ததில் இந்த அளவு பிழை வராது. தாங்கிக்குள் கீற்றணியின் இடம் குறித்துவைக்கப்படவில்லை, பிழை அதில் இருக்கலாம்." இப்படி எழுதினால் காரணம் ஊகமாகவே நிற்கும், ஆனால் அடுத்தவர் ஸ்கேலோடு போய்ச் சோதிக்கக்கூடிய ஊகமாக நிற்கும். 633.6 என்ற எண்ணை மட்டும் அப்போது எழுதக் கூடாது. 14 மில்லிமீட்டரை அளக்காமல் அந்த எண் உங்களுக்குச் சொந்தமில்லை.

இப்போது பாயிண்டர். அதே மேசை, அதே கீற்றணி, திருத்திய தூரம். தாளில் 650 என்றுள்ள சிவப்பு பாயிண்டருக்கு 656 ± 2 வந்தது, மூன்று வரிசையிலும் ஏறக்குறைய அதே எண். வரிசைக்கு வரிசை மாறவில்லை என்பதால் தூரத்தின் மீது சந்தேகம் குறைகிறது. ஆனால் கோடுகளின் எண்ணிக்கை ஒரு சதவீதம் தவறாக இருந்தாலும் இதே சீரான விலகல்தான் வரும். பாயிண்டரை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஹீலியம்-நியான் அளவீடு கையில் இல்லாத மாணவர் எழுதக்கூடியது இவ்வளவே: "விலகல் 6 நானோமீட்டர். இது லேசரின் அலைநீளத்தாலோ கீற்றணியின் கோட்டு எண்ணிக்கையாலோ வந்திருக்கலாம். இந்தத் தரவு இரண்டையும் வேறுபடுத்தாது. தாளில் உள்ள 650 தோராய மதிப்பு என்பதால் இந்த விலகல் வியப்புக்குரியதில்லை."

கையில் இருந்தால் ஒரு படி மேலே போகலாம். அதே கீற்றணி, கைவைக்காத அதே ஸ்டாண்டில், நியான் வரியை 633.6 என்று காட்டியிருக்கிறது, உண்மையோ 632.8. கோட்டு எண்ணிக்கையில் ஒரு சதவீதப் பிழை இருந்திருந்தால் அங்கேயும் 6 நானோமீட்டர் விலகியிருக்கும். விலகவில்லை. ஆகவே இங்கே, இந்த ஒரு நிலைமையில், ஐந்தாவது வகைப் பத்திக்கு உரிமை பிறக்கிறது: "இந்தக் குறிப்பிட்ட லேசர், அளந்த வெப்பநிலையில், 656 ± 2 நானோமீட்டரில் ஒளிர்கிறது. அதே அமைப்பில் ஹீலியம்-நியான் வரி எதிர்பார்த்த இடத்தில் கிடைத்ததால், விலகல் கீற்றணியால் வந்ததில்லை. தாளில் உள்ள 650 இந்த லேசர் வகைக்கான பெயரளவு மதிப்பு." தாள் தவறு என்று எழுதத் தேவையில்லை. தாள் சொன்னதைவிட நுணுக்கமாக நீங்கள் அளந்திருக்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

அந்த மாணவியின் ஸ்டாண்டில் இப்போது பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இருக்கிறது, கண்ணாடி நிற்கும் இடத்துக்கு நேராக. அடுத்த குழு டேப்பை அங்கிருந்துதான் பிடித்தது.